உப்புக்கறைக்கு எதற்கு ஐயா இந்த ஆசிட்?

நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். குழாயிலும் ஷவரிலும் படிகிற வெள்ளைக் கறையைப் போக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறவர்கள், கறையை எடுக்கவில்லை, குழாயை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கூடவே, அந்த ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிற மனுஷியின் மூச்சையும். இதில் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஹாஸ்டல் சென்னைக்குத் தெற்கே, ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பி இருக்கிற பகுதியில் இருக்கிறது. எங்கள் மாடியில் 14 குளியலறை. குழாய் எல்லாம் வெள்ளைத் தாடி வைத்திருக்கும். ஷவரைத் திறந்தால் நாலு நூல் சுவரைப் பார்த்துப் போகும், ஒரு நூல் கண்ணுக்குள் வரும், மிச்சம் சொட்டும். மாதம் ஒருமுறை ஒப்பந்தக்காரர் கேனில் ஆசிட் அனுப்புவார். சுத்தம் செய்கிற அக்கா அதைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றி, இரும்பு நார் வைத்துத் தேய்ப்பார். மூன்றாவது அறைக்குப் போவதற்குள் இருமல் ஆரம்பிக்கும். "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டால், "இது இல்லாம போகாது தம்பி, கல்லு மாதிரி புடிச்சிருக்கு" என்பார். வார்டன் சாரும் அதையேதான் சொல்கிறார். ஒப்பந்தக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், "வாசனை வந்தாத்தான் சார் கழுவின மாதிரி" என்றார்.

கல் மாதிரி இல்லை, அது கல்லேதான். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நாம் பேச்சு வழக்கில் "உப்பு படிஞ்சிருக்கு" என்கிறோம். சமையல் உப்பாக இருந்தால் ஒரு சொம்பு தண்ணீரில் கரைந்து போயிருக்கும். இது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு பாறைக்குள் இறங்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துப் பைகார்பனேட்டாகத் தூக்கி வருகிறது. குழாயின் நுனியில் ஒரு சொட்டு நின்று காய்கிறபோது அந்தக் கரியமில வாயு காற்றில் போய்விடும். சுண்ணாம்பு பழையபடி கல்லாக அங்கேயே உட்கார்ந்துவிடும். ஒரு சொட்டில் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் நாளைக்கு எத்தனை சொட்டு, வருடத்துக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கறை எப்போதும் சொட்டு நிற்கிற இடத்தில்தான் முதலில் பிடிக்கும்: குழாயின் உதடு, கைப்பிடியின் அடி, ஷவரின் ஓட்டைகள்.

எங்கள் தண்ணீரை ஆய்வகத்தில் நானே சோதித்துப் பார்த்தேன். முதல் வருட வேதியியல் மாணவர்கள் எல்லாரும் செய்கிற அந்த ஈடிடிஏ சோதனைதான், ஒயின் சிவப்பு நீலமாக மாறுமே, அது. லிட்டருக்கு 540 மில்லிகிராம் கடினத்தன்மை வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐஎஸ் 10500) ஏற்கத்தக்க அளவாக 200 என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது. ஆக நாங்கள் விளிம்பில் குளித்துக்கொண்டிருக்கிறோம் :-)

சரி, கல் என்றாயிற்று. இந்தக் கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த அமிலம் பட்டாலும் பொங்கிக் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கரையும். "எந்த அமிலமும்" என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் வேண்டும் என்று அது அடம்பிடிப்பதில்லை. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலம் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுக்கிற சிட்ரிக் அமிலம் இன்னும் நன்றாகப் போதும்.

இங்கேதான் "வலுவான ஆசிட் வேண்டும்" கட்சி குழம்புகிறது. ஒரு அமிலத்தின் வலு வேறு, அளவு வேறு. வலு என்பது வேகத்தைத் தீர்மானிக்கும். எவ்வளவு கல் கரையும் என்பதைத் தீர்மானிப்பது எத்தனை கிராம் அமிலம் கல்லின் மேல் பட்டது என்பதுதான். 15 கிராம் கல்லைக் கரைக்க ஏறக்குறைய 11 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். அதே கல்லுக்கு 21 கிராம் எலுமிச்சை உப்பு. வித்தியாசம் ஒரு தேக்கரண்டிச் சமாச்சாரம். முன்னது ஐந்து நிமிடத்தில் முடிக்கும், பின்னது ஒரு மணி நேரம் எடுக்கும். அவ்வளவே.

அந்த ஐந்து நிமிடத்துக்கு நாம் கொடுக்கிற விலை என்ன என்று பார்ப்போம். குழாயின் உடம்பு பித்தளை. அதன் மேல் நிக்கல் பூச்சு. அதற்கும் மேல், நாம் பளபளவென்று பார்க்கிற குரோமியம். இந்தக் குரோமியப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. முலாம் பூசுகிற பட்டறைகளில் கெட்டுப்போன குரோமியத்தை உரித்து எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டுமென்றால் எதில் முக்குவார்கள் தெரியுமா? இதே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான்! பட்டறைக்காரர் உரிப்பதற்கென்றே வைத்திருக்கிற சரக்கை நாம் மாதம் ஒருமுறை "சுத்தம்" என்ற பெயரில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். முதலில் பளபளப்பு மங்கி லேசாக மஞ்சளடிக்கும், அது நிக்கல். அப்புறம் திட்டுத்திட்டாகப் பித்தளை எட்டிப் பார்க்கும். அதன் மேல் பச்சைப் பூக்கும். இரும்பு நார் போட்ட கீறல்களில் அடுத்த மாதக் கல் இன்னும் சௌகரியமாகப் பிடித்துக்கொள்ளும். உடனே எல்லாரும் "பாத்தியா, எவ்ளோ உப்பு, இன்னும் ஸ்ட்ராங்கா ஊத்து" என்பார்கள். சுழல் புரிகிறதா?

ஆவியையும் மறக்க வேண்டாம். அந்தப் புகை காற்றை விடக் கனமானது, ஜன்னல் இல்லாத குளியலறையில் கீழேயே தங்கும். குனிந்து தேய்க்கிறவரின் முகம் எங்கே இருக்கிறது? அங்கேதான். கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடிப்பதும் இந்தப் புகையால்தான். எஃகுத் தாழ்ப்பாளையே தின்கிற புகை அக்காவின் தொண்டையை மட்டும் விட்டுவைக்குமா? 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட்டைக் கடையில் சில்லறையாக விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குகிறவர் பெயரும் முகவரியும் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று. அது ஆசிட் வீச்சைத் தடுப்பதற்காக வந்த உத்தரவு. ஆனால் அவ்வளவு காபந்து தேவைப்படுகிற ஒரு பொருள் எங்கள் மாடியில் பெயர்ச்சீட்டு இல்லாத தண்ணீர் பாட்டிலில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்தால்? யோசிக்கவே வேண்டாம், ஆளை விடுங்கள்.

"எலுமிச்சம்பழம் வச்சு நானும் தேச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஆகல" என்று ஒரு நண்பன் சொன்னான். ஆகாதுதான். பழத்தின் சாற்றில் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய 5 சதவீதம். ஒரு பழத்தில் 30 மில்லி சாறு என்றால் ஒன்றரை கிராம் அமிலம். 15 கிராம் கல்லுக்கு ஒரு டஜனுக்கும் மேல் பழம் வேண்டும், அதுவும் ஒரு சொட்டு வீணாகாமல். நீ அரை மூடியை வைத்து இரண்டு நிமிடம் தேய்த்தாய், சாறு வழிந்து சாக்கடைக்குப் போயிற்று. கல்லின் மேல் தங்கியது எவ்வளவு? மென்மையான அமிலத்துக்குத் தேவை இரண்டே விஷயம்: போதுமான அளவு, கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கப் போதுமான நேரம். தேய்ப்பதில் இரண்டுமே கிடைக்காது. ஊற வைப்பதில் இரண்டும் கிடைக்கும்.

நான் செய்ததை முழுசாகச் சொல்கிறேன். எங்கள் மாடியின் ஏழாம் எண் அறையில் பித்தளையில் குரோமியம் பூசிய ஷவர் தலை. மொத்தம் 64 ஓட்டை. ஒழுங்காகத் தண்ணீர் வந்தது 18-ல். பத்து லிட்டர் வாளி நிறைய 4 நிமிடம் 10 விநாடி. திருகுமறையில் துணி சுற்றி ஸ்பேனரால் கழற்றினேன் (துணி இல்லாமல் திருகினால் பல் தடம் விழும்). முதலில் பாத்திரம் தேய்க்கிற திரவத்தால் கழுவினேன். இது முக்கியம். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு கொழகொழப் படலம் கல்லின் மேல் இருக்கும். அதைத் தாண்டி அமிலம் உள்ளே போகாது. ஒரு நாள் வெயிலில் காய வைத்து, ஆய்வகத் தராசில் நிறுத்தினேன். 412 கிராம்.

ஒரு லிட்டர் தண்ணீர், கை பொறுக்கும் சூட்டில். அதில் 50 கிராம் எலுமிச்சை உப்பு. பிளாஸ்டிக் வாளி, அலுமினியப் பாத்திரம் கூடாது, அமிலம் அதையும் அரிக்கும். ஷவரைச் சாய்த்து மெதுவாக இறக்கினேன், உள்ளே இருக்கிற காற்று குமிழ்விட்டு வெளியே போகட்டும் என்று. நேராகக் கவிழ்த்தால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, அமிலம் வெளி முகத்தை மட்டும் நனைத்துவிட்டு நிற்கும். உண்மையான அடைப்போ உள்ளேதான் இருக்கிறது.

போட்டவுடனே சோடா மாதிரி பொங்கியது. நாற்பதாவது நிமிடம் எடுத்து ஒவ்வொரு ஓட்டையையும் விளக்குமாற்று ஈர்க்குச்சியால் குத்தினேன். ஊசியோ சேஃப்டி பின்னோ வேண்டாம். ஓட்டையின் ஓரம் கீறிப்போனால் தண்ணீர் கோணலாகத்தான் வரும். ஈர்க்குச்சி பட்டதுமே இளகிய கல் சேறு மாதிரி வந்தது. மறுபடி உள்ளே போட்டேன். ஒன்றேகால் மணி நேரத்தில் பொங்கல் நின்றது.

பொங்கல் நின்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். கல் தீர்ந்திருக்கலாம், அல்லது அமிலம் தீர்ந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு துண்டு முட்டை ஓட்டைப் போட்டுப் பாருங்கள். முட்டை ஓடும் இதே கால்சியம் கார்பனேட்தான். அதன் மேல் குமிழ் கிளம்பினால் அமிலம் உயிரோடு இருக்கிறது, உங்கள் கல்தான் முடிந்துவிட்டது. குமிழ் இல்லையென்றால் கரைசலை மாற்றுங்கள். கரும்பலகைச் சாக்பீஸ் வேண்டாம். இப்போது வருவதில் பெரும்பாலானது ஜிப்சம், அது அமிலத்தில் பொங்காது, உங்களை ஏமாற்றிவிடும். எனக்கு முட்டை ஓட்டில் குமிழ் வந்தது. கழுவி, காய வைத்து நிறுத்தினேன். 397 கிராம். ஆக 15 கிராம் கல் போயிருக்கிறது. அதற்கு 21 கிராம் எலுமிச்சை உப்பே போதும். 50 போட்டதில் பாதிக்கு மேல் மிச்சம். அதே வாளியில் அடுத்த அறையின் ஷவரை இறக்கினேன், அதுவும் பொங்கியது.

புது டெஃப்லான் டேப் சுற்றி மாட்டுவதற்கு முன்னால், ஷவர் இல்லாமல் வெறும் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு உள்ளே இருந்த துகள்களை வெளியேற்றினேன். மாட்டிய பிறகு வாளி நிறைய 1 நிமிடம் 35 விநாடி. 64-ல் 61 ஓட்டை வேலை செய்கிறது. மிச்சம் மூன்றில் இருந்தது மணல், கிணற்றிலிருந்து வந்தது. மணலை எலுமிச்சை உப்பும் கரைக்காது, உங்கள் ஒப்பந்தக்காரரின் ஆசிட்டும் கரைக்காது.

இன்னொரு நுணுக்கம். "ஐம்பது கிராமுக்கு நல்லா போகுதுன்னா இருநூறு கிராம் போட்டு, கொதிக்கவும் வச்சா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். செய்யாதீர்கள். கரைந்த கல் கால்சியம் சிட்ரேட்டாக மாறுகிறது. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சூடு ஏற ஏற இன்னும் குறைவாகக் கரையும். கெட்டியான, கொதிக்கிற கரைசலில் அது வெள்ளைப் பொடியாகத் திரும்பவும் ஓட்டையிலேயே படிந்துவிடும். ஒரு வெள்ளையை எடுத்து இன்னொரு வெள்ளையை வைத்த கதை. வெதுவெதுப்பு போதும். நிறைய கல் இருந்தால் அமிலத்தைக் கெட்டியாக்குவதை விட, லேசான கரைசலை இரண்டு தடவை மாற்றுவதே மேல். எடுத்தவுடன் காய விடாமல் நல்ல தண்ணீரில் அலசுவதும் இதற்காகத்தான்.

வினிகரும் வேலை செய்யும், மறுக்கவில்லை. நம் கடைகளில் கிடைக்கிற வெள்ளை வினிகர் ஏறக்குறைய 4 சதவீதம். அந்த 15 கிராம் கல்லுக்குக் கணக்குப்படி 450 மில்லி வேண்டும். கடைசிச் சொட்டு அமிலம் மிகவும் சோம்பேறி என்பதால் நடைமுறையில் முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் ஆகும். அதையும் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்தால் அவ்வளவுதான். ஒரு குழாய்க்கு வினிகர் சரி, ஒரு மாடிக்கு எலுமிச்சை உப்புதான் கட்டுப்படியாகும். மேலும் ஹாஸ்டல் முழுக்க ஊறுகாய் வாசனை அடிக்காது.

புளியைப் பற்றியும் கேட்பீர்கள். பாட்டி புளி போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு தேய்த்தது அருமையான வேதியியல். ஆனால் அங்கே கரைந்தது செம்பின் கறுப்பு. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் வருகிற கால்சியம் டார்டரேட் சரியாகக் கரையாது, கல்லின் மேலேயே போர்வை மாதிரி உட்கார்ந்து மிச்ச வேலையைத் தடுக்கும். புளியைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சல் தருவது வாட்ஸப்பில் சுற்றுகிற அந்த வீடியோ வகையறா. ஷவர் மேல் சமையல் சோடா தூவி, வினிகர் ஊற்றி, நுரை பொங்குவதைக் காட்டி, பின்னணியில் இசை வேறு. ஐயா, சோடா ஒரு காரம், வினிகர் ஒரு அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் கலந்த தண்ணீர். நீங்கள் பார்க்கிற நுரை, உங்கள் கல்லைக் கரைத்திருக்க வேண்டிய அமிலம் சாகிறபோது விடுகிற மூச்சு. அதே வினிகரைச் சோடா இல்லாமல் ஊற்றியிருந்தால் நுரை குறைவாக வந்திருக்கும், கல் அதிகமாகப் போயிருக்கும். பார்க்க நன்றாக இருக்காது என்பதால் யாரும் அப்படி வீடியோ எடுப்பதில்லை போலும்.

இப்போது ஒப்பந்தக்காரரின் உருப்படியான ஒரே வாதத்துக்கு வருகிறேன். "பதினோரு மணிக்குள்ள பதினாலு பாத்ரூம் முடிக்கணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு மணி நேரம் ஊற வச்சா ஆகுமா?" கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் ஊறுவதற்கு ஆள் எதற்கு? ஊறுகிற நேரம் அமிலத்தின் நேரம், அக்காவின் நேரம் இல்லை. ஷவரைக் கழற்றக் கூட வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் கவரில் முக்கால் டம்ளர் கரைசலை ஊற்றி, ஷவரின் முகம் முழுகும்படி கட்டி, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்க விட வேண்டும். குழாயின் உதட்டுக்கும் அதேபோல. கைப்பிடியின் அடியில் கவர் நிற்காது. அங்கே கரைசலில் நனைத்த பழைய துணியைச் சுற்றி, காயாமல் இருக்க அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். முதலாம் அறையில் ஆரம்பித்து பதினாலாம் அறை வரை கட்டிக்கொண்டே போய், அப்புறம் தரை கழுவுகிற வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதலாம் அறை தயாராக இருக்கும். அவிழ்த்து, பழைய டூத் பிரஷால் ஒரு தடவு, ஒரு சொம்பு தண்ணீர். ஓர் அறைக்குக் கைவேலை மூன்று நிமிடம் கூட வராது. இரும்பு நார் போட்டு இருமிக்கொண்டே தேய்ப்பதற்கு எவ்வளவு ஆகிறது என்று ஒருநாள் அவரே நின்று பார்க்கட்டும்.

அக்காவிடம் இதைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கையில பட்டா?" என்பதுதான். ஒப்பந்தக்காரருக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை என்பதையும் பதிந்து வைக்கிறேன். வெட்டுக்காயம் இருந்தால் எரியும், கண்ணில் தெறித்தால் நன்றாகவே எரியும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வெறுங்கையில் ரொம்ப நேரம் அளைந்தால் தோல் வறளும். கையுறை போட்டுக்கொண்டால் நல்லது. அதை அவர் தன் காசில் வாங்கக் கூடாது.

மென்மையானது என்பதால் கண்மூடித்தனமாக ஊற்றலாம் என்றும் அர்த்தமில்லை. இரண்டு இடத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். ஒன்று கல். கடப்பைக் கல் சுண்ணாம்புக்கல் வகை, பளிங்கும் அப்படியே, பழைய வீட்டு மொசைக் தரையில் பதித்திருப்பதும் பெரும்பாலும் பளிங்குச் சில்லுதான். குழாயில் பிடித்த கல்லுக்கும் இவற்றுக்கும் அமிலத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு சொட்டு விழுந்து கால் மணி நேரம் நின்றால் மெருகு போய் வெளிறிய வட்டம் விழும், அது திரும்பாது. கவர் கட்டுவதற்கு முன் கீழே ஈரத்துணி விரித்துவிடுங்கள். இரண்டாவது, பிளீச்சிங் பவுடர். அதோடு எந்த அமிலம் சேர்ந்தாலும், எலுமிச்சை உப்பாக இருந்தாலும் வினிகராக இருந்தாலும், குளோரின் வாயு வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சட்டென்று வரும், இதில் கொஞ்சம் நிதானமாக வரும். வருவது அதே விஷம்தான். எங்கள் ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமை தோறும் தரைக்கு பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். ஆகவே ஷவர் வேலை செவ்வாய்க்கிழமை என்று அக்காவே முடிவு செய்துவிட்டார்.

சில கறைகள் இதற்கு மசியாது. ஒரு சொட்டு கரைசல் விட்டு உற்றுப் பாருங்கள். குமிழ் வந்தால் கார்பனேட், போய்விடும். குமிழே இல்லாமல் கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தால் அது சிலிக்காவாக இருக்கலாம், மணிக்கணக்கில் ஊறினாலும் அசையாது. பழுப்பு நிறம் என்றால் இரும்பு. எலுமிச்சை உப்பு அதை ஓரளவு இழுக்கும்.

வார்டன் சார் இரண்டு மாதத்துக்கு எங்கள் மாடியில் மட்டும் ஆசிட்டை நிறுத்திப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இடைவெளி முக்கியம். இரண்டு மாதக் கல் தாள் கனம்தான் இருக்கும், அரை மணி நேரத்தில் போகும். எங்களுடையது வருடக்கணக்கில் சேர்ந்த கல். மாதாமாதம் ஆசிட் ஊற்றியும் எப்படிச் சேர்ந்தது என்று கேட்கிறீர்களா? ஊற்றியது வெளி முகத்தில், நின்றது சில விநாடி. உள்ளே இருந்த கல்லை அது தொடவே இல்லை.

மூன்றாம் அறைக் குழாய் மட்டும் கை நழுவிப் போன கேஸ். குரோமியம் முழுசாகப் போய், பித்தளை அங்கங்கே வெளியே தெரிகிறது. அதில் துணி சுற்றிப் பத்து நிமிடம்தான் வைக்கச் சொன்னேன். வெறும் பித்தளையை அமிலத்தில் அதிக நேரம் விட்டால் துத்தநாகம் கழன்று, செம்பு மேலே வந்து ரோஜா நிறம் அடிக்கும். கல் போயிற்று, பளபளப்பு வரவில்லை, வரவும் வராது. குழாயை மாற்றத்தான் வேண்டும். அந்த பில்லை எங்கள் மெஸ் கட்டணத்தில் ஏற்றாமல், ஆசிட் கேன் அனுப்பியவர் கணக்கில் எழுதுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறோம்.